விட்டுப்போன பெட்டி

“என்ன காட்டினா உங்க படம் தப்புன்னு ஒத்துக்குவீங்க சார்?”

பேராசிரியரிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சீனியர் அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். “முதல்ல கையெழுத்த வாங்கு. அப்புறமா வாயத் திற.” என் ஆராய்ச்சி விண்ணப்பம் அவர் மேசையில்தான் கிடந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாய் சும்மா இருந்தால்தானே?

அறிவியல் தத்துவ அத்தியாயத்தை வாதப்படமாக, அதாவது கருத்துக்கு ஒரு பெட்டி, மறுப்புக்கு ஒரு அம்பு என்று, சுருக்கச் சொன்னால், எல்லாரும் அவர் சுவரில் இருபது வருடமாகத் தொங்கும் படத்தை நகலெடுப்பார்கள். நான் அத்தியாயத்தையே படித்துத் தொலைத்துவிட்டேன்.

அவர் படத்தில் மேலே ஒரு பெட்டி: ‘கணிப்பு பொய்த்தால் கோட்பாட்டைக் கைவிட வேண்டும்.’ கீழேயிருந்து அதைக் குத்தும் சிவப்பு அம்பு, மறுப்பு: ‘விஞ்ஞானிகள் கைவிடுவதில்லை. நெருக்கடி முற்றி, பார்க்கும் சட்டகமே மாறும்வரை பிடித்துக்கொள்கிறார்கள்.’

“எங்கப்பா ஹெல்மெட் போடறதில்ல சார். அதனால போட வேணாம்னு ஆயிடுமா? ‘செய்யறதில்ல’ங்கறதுக்கும் ‘செய்ய வேண்டியதில்ல’ங்கறதுக்கும் நடுவுல ஒரு பெட்டி வேணும். அத்தியாயத்துல அது இல்ல. மறுப்பு நிக்காது.” என் படத்தில் அந்த அம்பை வெட்டியிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபமில்லை, ஆவல். “சரி. என்ன காட்டினா நீ ஒத்துக்குவே?”

“அந்தப் பெட்டியக் காட்டுங்க. என் படத்தக் கிழிச்சிடறேன்.”

ஒரே புத்தகத்தின் மேல் இரண்டு தலைகள். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் அவர் விரல் நின்றது: ‘முதல் தோல்வியிலேயே கைவிட்டிருந்தால் நல்ல கோட்பாடுகளும் செத்திருக்கும். பிடித்துக்கொண்டதால்தான் அறிவியல் வளர்ந்தது.’ அதன் கீழே பென்சில் கோடு. போட்டது நான்தான். அலங்கார வாக்கியம் என்று தாண்டிப் போயிருக்கிறேன், மண்டு.

கிழித்தேன். அவர் சிரித்தார். “அப்ப என் படம் சரிதானே?”

“இல்ல சார். உங்க படத்துலயும் இந்தப் பெட்டி இல்லையே.”

சுவரைத் திரும்பிப் பார்த்தார். உதடு அசைந்தது. வருடங்களை எண்ணிப் பார்க்கிறார் போல. “இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சொல்லலையே…”

“நகல் எடுத்தவங்க எப்படி சார் சொல்லுவாங்க?”

ஒரு கணம் அவர் கை ஸ்கெட்ச் பேனா பக்கம் போனது. அந்தப் பெட்டியை வரையப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் எடுத்தது கையெழுத்துப் பேனாவை. “புத்திசாலிப் பொண்ணு நீ. மூணு வருஷம் எங்கிட்ட இருக்கப்போறே. சுவர்ல இருக்கறது அப்படியே இருக்கட்டும், என்ன?”

ஒரு வரிக்காக நான் மொத்தத்தையும் கிழித்தேன். இவருக்கு ஒரு பெட்டி வரைய மனசில்லை. பேனா முனை தாளைத் தொடுவதற்குள் விண்ணப்பத்தை இழுத்துக்கொண்டேன்.

“மூடி வைங்க சார், காஞ்சிடும். வேற வழிகாட்டி பாத்துக்கறேன்.”

வெளியே நடந்தேன். தாழ்வாரத்திலேயே அடுத்த மறுப்பு முளைத்துவிட்டது: பிடித்துக்கொள்வது எந்த இடத்தில் பிடிவாதமாகிறது? அந்த அம்பு எந்தப் பெட்டியைக் குத்தும்?