தெர்மலில் இருந்த கள்ளப்பை

சித்திரை மாதம் எங்கள் சேலத்துத் தெருவில் காக்கைகூடச் செருப்பில்லாமல் தரையிறங்காது. அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம் என் மகள் ரஞ்சிதா கம்பளி ஸ்வெட்டரோடு ஆபீஸ் வேனுக்குக் காத்து நின்றாள்.

எதிர்வீட்டு அருணகிரி விசிறிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, பாப்பா இமயமலைக்குங்களா?"

"அமெரிக்காவுக்குங்க. விடிஞ்சா வந்துரும்."

பாதி நிஜம். அமெரிக்கக்காரர்களின் கிரெடிட் கார்டு புகார்களை ராத்திரி முழுக்கப் போனில் கேட்கிற கால் சென்டர் வேலை. அவள் நாற்காலிக்கு நேர் மேலே ஏசி. பென்குயின் போனால் போர்வை கேட்கும். கார்டு நம்பரை யாரும் எழுதி வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் பேனா, போன் மட்டுமல்ல, பை வைத்த உடுப்பே உள்ளே போகக் கூடாது. ஸ்வெட்டர் தினமும் வாசலிலேயே நின்றுவிடும். பையில்லாத ஸ்வெட்டர் கேட்டதற்கு, அந்த வெயிலில் கடைக்காரர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். குரங்குக் குல்லா போட்டால் ஹெட்செட் காதில் உட்காராது.

குளிரில் அவள் குரல் நடுங்கியது. அழைப்புகளை ஒட்டுக்கேட்டு மார்க் போடுகிறவர்கள் 'பேச்சில் உறுதி இல்லை' என்று எழுதினார்கள். அந்த ராத்திரியும் அப்படியே எழுதினால் வேலை நிரந்தரமாகாது.

"இரு சாமி!" டிரங்குப்பெட்டியைத் திறந்தேன். ரிக் லாரி ஓட்டி வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போன காலத்துத் தெர்மல், சட்டைக்குள் ஒட்டினாற்போலப் போடுகிற குளிர் உடுப்பு. அங்கே டீ கிளாசுக்கு வருவதற்குள் கட்டியாகிவிடும், கடித்துத்தான் தின்போம். வேன் வருவதற்குள் சுடிதாருக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

விடிந்து வந்தவள் என் மடியில் ஒரு துணித்துண்டை எறிந்தாள்.

"ஏனுங்கப்பா, இதை மறந்துட்டீங்களா?"

கள்ளப்பை! டீசல் பணத்துக்காக ரிக்காரர்கள் எல்லோரும் இடுப்போரம் உள்பக்கமாகத் தைத்துக்கொள்வது. ஆபீஸ் வாசலில் சோதனை போட்ட செக்யூரிட்டி மயிலம்மாள் கையில் அது தட்டுப்பட்டதாம். சூப்பர்வைசர் சிவக்குமார் ஓடிவந்து, கழற்றிவிட்டு வரச் சொன்னாராம்.

"கழட்டுனியா?"

"மயிலம்மாக்காகிட்ட கத்திரி வாங்கி, அவங்க கண்ணு முன்னாலயே பையை மட்டும் பிரிச்சு எடுத்தேன். 'இப்ப தடவிப் பாருங்கக்கா'ன்னேன். பார்த்துட்டு உள்ள விட்டுட்டாங்க."

"குரலு?"

"நடுங்கவே இல்லீங்க. ஒருத்தன் அரைமணி நேரம் கத்துனானுங்க. கடைசியில அவனே சாரி கேட்டான். வேலை நிரந்தரமாயிருச்சுங்கப்பா!"

ரிக் சத்தத்துக்கு மேலே கத்திய வம்சமாயிற்றே! தெருவையே எழுப்பிச் சொன்னேன். அருணகிரியை மட்டும் இரண்டு தடவை எழுப்பினேன்.

மறுநாள் வேனிலிருந்து நான்கு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அங்கிள், எங்களுக்கும் தெர்மல் கிடைக்குங்களா?"

உடனே திருச்செங்கோட்டில் இருக்கும் என் பழைய ரிக் கூட்டாளி சடையனுக்குப் போன் போட்டேன். "நம்மாளுக தெர்மலையெல்லாம் தொவைச்சு அனுப்புடா. கள்ளப்பையை மட்டும் பிரிச்சிரு. அமெரிக்காவுல நம்ம புள்ளைக குரல் ஒசரணும்!"