துவைத்த விறகு

மனித குலம் நெருப்பை இரண்டு முறை கண்டுபிடித்திருக்கிறது. முதல் முறை ஏதோ ஒரு குகையில். இரண்டாம் முறை ஒரு சலவை நிலையத்தின் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில். குகைக்காரர் கல்வெட்டு எதுவும் வைக்கவில்லை. சலவை நிலையத்தின் முதலாளி வைத்தார். 'புகையில்லாப் புதுயுகம்' என்று பளிங்கில் பொன்னெழுத்து. புதுயுகம் திங்கட்கிழமை காலை பிறந்து செவ்வாய்க்கிழமை மதியம் அணைந்துவிட்டது.

முதலாளிக்கு அன்றிலிருந்து உட்கார முடியவில்லை. நாற்காலியில் அமர்வார், எழுந்து போய் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்ப்பார், திரும்பி வந்து அமர்ந்த சூடு ஆறுவதற்குள் மறுபடி எழுவார். காரணம் வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி மேட்ரன் அன்று நேரில் வருகிறார். பழைய விறகு பாய்லரின் புகைக்கூண்டிலிருந்து பறந்த கரி, உலர்த்திய வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் புள்ளி புள்ளியாக விழத் தொடங்கி மூன்று மாதமாயிற்று. மேட்ரன் அதிகம் பேசுகிறவர் அல்ல. தொட்டியில் எழுபத்தைந்து டிகிரி சுடுதண்ணீர், துணியில் ஒரு கரும்புள்ளிகூட இல்லாமை, இரண்டும் வியாழக்கிழமைக்குள். இல்லையென்றால் துணி வேறு இடத்துக்குப் போகும். நிலையத்தின் துணியில் முக்கால் பங்கு ஆஸ்பத்திரித் துணி.

அதற்காகத்தான் அந்த இயந்திரம் வந்தது. ஆள் உயரத்துக்கு இரும்புக் கலன். வேலையாட்கள் பார்த்ததுமே அதற்கு 'பீப்பாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலே காய்ந்த மரத்துண்டைக் கொட்ட வேண்டும். ஊதுவிசிறி அளந்து அளந்து கொஞ்சம் காற்றை மட்டும் கொடுக்கும். முழுதாக எரிய வழியில்லாத மரம், அடியில் கனலும் கரிப்படுகை வழியாக எரிவாயுவாக இறங்கி வெளியே வரும். அந்த வாயுவைப் பாய்லரில் எரித்தால் புகையும் இல்லை, கரித்தூளும் இல்லை. மரத்துக்கும் அலைய வேண்டாம். பக்கத்துப் பட்டறையில் பழைய சரக்குப் பலகைகளை உடைத்து, விரல் நீளத் துண்டுகளாக மூட்டை மூட்டையாகக் குவித்திருந்தார்கள்.

பீப்பாயைப் பாய்லரை ஒட்டி வைக்கலாம் என்று அதைப் பொருத்த வந்த ஃபிட்டர் முதலிலேயே சொன்னார். முதலாளி கொல்லைப்புறத்தைப் பார்த்தார். உடைந்த வாளிகள், சோப்புத்தூள் சாக்குகள். இங்கே வைத்தால் யார் பார்ப்பது? குறிப்பாக, சகலை எப்படிப் பார்ப்பார்? மனைவியின் தங்கை கணவர் போன வருடம் தன் அச்சகத்தில் கண்ணாடிக் கதவு வைத்த நாளிலிருந்து முதலாளிக்கு ஓர் அரிப்பு. ஆகவே பீப்பாய் கேட்டருகே நின்றது. அங்கிருந்து பாய்லர் வரை அறுபதடி குழாய், வெள்ளிப் பூச்சுடன், சுவரோரமாக ஊர்வலம் போயிற்று.

திறப்பு விழாவில் சகலை பளபளவென்று வெள்ளைச் சட்டையில் வந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் காட்டுவதற்காக முதலாளி பீப்பாயை மூன்று முறை அணைத்து மூன்று முறை பற்றவைத்தார். மூன்றாம் முறை சகலை குழாய் இணைப்புக்குக் கீழே நின்று, இதிலேயே ஒரு ஜெனரேட்டரையும் ஓட்டிவிடலாமே என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். மேலிருந்து காப்பி நிறத்தில் ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

"என்ன சகலை, புதுயுகம் ஒழுகுது?" என்றார் அவர்.

அது தார். செவ்வாய் மதியம் அதே தார் பாய்லர் பக்கத்து வால்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சுத்தியலால் தட்டியும் அசையவில்லை. தொட்டித் தண்ணீர் குழந்தையைக் குளிப்பாட்டும் பக்குவத்தில் நின்றது.

குழாயைக் கழற்றப் போனபோது முதலாளி குனிந்து உள்ளே எட்டிப் பார்க்க முயன்றார். ஃபிட்டர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "முகத்தை வைக்காதீங்க சார். இதுல இருக்கற விஷத்துக்கு வாசனை கிடையாது. ஆளு சத்தமில்லாம சாஞ்சிடுவாரு." பீப்பாய் முழுக்க ஆறிய பிறகுதான் திறந்தார்கள். குழாயின் உட்சுவரில் இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்புப் பிசின்.

ஃபிட்டர் விளக்கினார். மரத்தைச் சூடாக்கினால் தார் ஆவி வரத்தான் செய்யும். வாயு சூடாக இருக்கிற வரை அது ஆவியாகவே பறக்கும். அப்படியே அடுப்புக்குள் விட்டால் அதுவும் சேர்ந்து எரிந்து சூடாகிவிடும். அறுபதடி நடக்கவிட்டு ஆறவைத்தால் வழியிலேயே உட்கார்ந்துகொள்ளும். சகலை சொன்ன ஜெனரேட்டர் என்றால் வாயுவை ஆறவைத்தே ஆக வேண்டும், அப்புறம் வரிசையாக வடிகட்டி, கழுவல், அந்தக் கறுப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்ற தலைவலி. தண்ணீர் காய்ச்ச அதெல்லாம் தேவையில்லை. இது காலையில் பற்றவைத்தால் மாலை வரை ஒரே சீராக எரிகிற வேலைக்குத்தான் லாயக்கு; அணைத்து அணைத்து ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் சூடேறும் வரை தாராகக் கக்கும். மூன்று தடவை ஏற்றியது யார் என்று அவர் கேட்கவில்லை. அந்த நாகரிகம் முதலாளியை இன்னும் வாட்டியது.

"இருந்தாலும் இவ்வளவு தார் வரக்கூடாதே" என்று முணுமுணுத்த ஃபிட்டர், மூட்டையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்துக் கத்தியால் பிளந்து, பிளந்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "மேல காஞ்சிருக்கு. உள்ள சில்லுன்னு இருக்கு. ஈரம் இருந்தா அடியில சூடு ஏறாது. சூடு ஏறலைன்னா எல்லாம் தாரா போகும். மழை கிழை பட்டுச்சா?"

"பனியா இருக்கும்" என்றார் முதலாளி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வாஷிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தார். "பட்டறைக்காரர் கூரைக்கு உள்ளதான வச்சிருக்காரு? பனி எப்படிங்க உள்ள வந்துச்சு?"

முதலாளி பட்டறைக்காரரின் நேர்மையைப் பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள் சொல்லி நகர்ந்தார். உண்மை அவருக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமை சாயந்திரம், விழாவுக்கு வருகிறவர்கள் மரத்துண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பார்களே, தூசி ஒட்டுமே, சுத்தமே நமது தெய்வம் என்று பலகை மாட்டியிருக்கிற இடமாயிற்றே என்று அவருக்குத் தோன்றியது. யாரும் இல்லாத நேரத்தில் ஐந்து மூட்டை மரத்தையும் நாலாம் நம்பர் மெஷினில் ஊறப்போட்டார். ஞாயிறன்று சோப்பும் நீலமும் போட்டுத் துவைத்தார். பிழிந்து வெயிலில் காயவைத்தார். பார்வைக்குப் பிரமாதமாக இருந்தது.

புதன்கிழமை நாலு பேர் சங்கிலிக் கப்பி கட்டிப் பீப்பாயைத் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோனார்கள். அறுபதடிக் குழாய் மூன்றடியாகச் சுருங்கி, வெப்பம் போகாதபடி கம்பளி போன்ற உறை சுற்றிக்கொண்டது. பட்டறையிலிருந்து புது மூட்டைகள், துவைக்காதவை, வந்தன. முதலாளி மூட்டைக்கும் பாய்லருக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு முறை வாளியில் இடறினார். மனைவி அவரை ஒரு ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார். அங்கேயும் அவர் நிற்கவில்லை.

வியாழன் காலை ஃபிட்டர் பற்றவைத்தார். முதலில் வந்த புகைவாயுவைத் தனிக் குழாயில் வெளியே விட்டு எரித்தார். சுடர் நின்று நிதானமாக எரியத் தொடங்கியதும் பாய்லர் பக்கம் திருப்பிவிட்டார். குப்பென்று ஒரு சத்தம், அப்புறம் சீரான இரைச்சல். புகைக்கூண்டு மேலே சும்மா நின்றது.

மேட்ரன் பதினொன்றரைக்கு வந்தார். முதலாளி மூன்று நாளாகத் திருத்தி வைத்திருந்த உரையைத் தொடங்கினார். மேட்ரன் அதைக் கேட்காமல் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துத் தொட்டியில் விட்டார். எழுபத்தெட்டு. நாலு விரிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சரி என்றார். பீப்பாய்ப் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டருகே பளிங்குப் பலகையைத் தாண்டிப் போகும்போதும் படிக்கவில்லை.

அன்று மாலை முதலாளி முதல்முறையாக நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார். எல்லாம் பட்டறைக்காரரின் ஈர மரத்தால் வந்த வினை என்று சகலைக்குப் போன் செய்து சொன்னார். மனைவியிடமும் இன்னொரு முறை சொல்லி வைத்தார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தலையணை உறை தனியாகத் திரும்பி வந்தது. அதன் உள்மூலையில் விரல் நீள மரத்துண்டு ஒன்று இருந்தது. நீலம் போட்டிருந்தது. பார்சலை மனைவிதான் பிரித்தார்.