நாற்பத்தாறு புதன்கிழமைகள்

டமால்!

மேசைமேல் விழுந்த கோப்பின் சத்தத்தில் அவள் கையிலிருந்த காபி சட்டையில் தெறித்தது. நிமிர்ந்தால் எதிரே ஆடிட்டர். மூச்சு வாங்க, மூக்குக் கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருக்க, போர்க்களத்திலிருந்து வந்தவர் மாதிரி நின்றார்.

"அம்மா தாயே, நாற்பத்தாறு மணி நேரத்தைக் காணோம்!"

"சார், முதல்ல உக்காருங்க. அப்புறம் தேடலாம்."

"உக்காரவா? வெள்ளிக்கிழமை வரிக் கணக்கு தாக்கல். அதுக்குள்ள இந்த ஆவணம் முடியணும். எனக்கு உக்கார நேரமில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவள் அந்த இயந்திர உதிரிபாக நிறுவனத்தின் வரிப் பிரிவு மேலாளர். 'ரசீது' என்றால்தான் அலுவலகத்தில் தெரியும். தேநீர் செலவுக்குக்கூட ரசீது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டாள் என்பதால் வந்த பெயர். வைத்தவன் நெட்டை. முன்பு பக்கத்து மேசையில் இருந்தவன். நான்கு வருடத்துக்கு முன் கடல் தாண்டிப் போய்விட்டான். அங்கே இருப்பதும் இதே முதலாளியின் நிறுவனம்தான். இங்கே ஓடும் கணக்கு மென்பொருளை அங்கிருந்து பராமரிக்கிறார்கள். அதற்காக மாதாமாதம் பில் வரும். ஆட்கள் உழைத்த மணிக்கணக்கு, அதற்கான செலவு, அதன்மேல் ஏழு சதவீத லாபம்.

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பதுதான் வரி அலுவலகத்தின் சட்டம். உறவுக்கார நிறுவனங்கள் தங்களுக்குள் விலை வைத்துக்கொண்டு லாபத்தை எல்லை தாண்டி நகர்த்திவிடலாம் என்று அவர்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அதனால் இந்த ஆவணத்தில் மூன்றை நிரூபிக்க வேண்டும். சேவை உண்மையில் கிடைத்ததா? அதனால் பயன் உண்டா? முன்பின் தெரியாத ஒருவன் செய்திருந்தாலும் இதே விலைதான் கேட்டிருப்பானா?

மூன்றாவதைப் பற்றிக் கவலையில்லை. இதே வேலை செய்யும் பதினோரு வெளி நிறுவனங்களின் லாபத்தைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டிருந்தார் ஆடிட்டர். ஏழு சதவீதம் அந்த வரம்புக்குள் சமத்தாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவதற்கும் ஆதாரம் உண்டு. முன்பு பன்னிரண்டு நாள் இழுத்த மாத முடிவுக் கணக்கு இப்போது ஐந்து நாளில் முடிகிறது. முதல் கேள்விக்குத்தான் இவள் ஒரு பட்டியல் போட்டிருந்தாள். மென்பொருள் பழுதுக்கான புகார்ச் சீட்டுகள், மின்னஞ்சல்கள், தொலைபேசிப் பதிவுகள்.

அந்தத் தொலைபேசிப் பதிவில்தான் இருந்தன அந்தப் புதன்கிழமைகள். சின்னக் கூட்ட அறையில், சரியாக நான்கு மணிக்கு நெட்டையின் அழைப்பு வரும். ஒரு மணி நேரம். போன வருடம் முழுக்க நாற்பத்தாறு தடவை. அந்த நிறுவனத்திலிருந்து வந்த அழைப்பு ஒன்று விடாமல் எழுதியே பழகிய கை, இதையும் பட்டியலில் ஏற்றிவிட்டது. ஏற்றும்போது ஒரு கணம் நின்றது நிஜம். பிறகு, 'அவன் மட்டும் என்ன, சும்மாவா பேசினான்? கணக்கில் எழுதித்தான் இருப்பான்' என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபோதே நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் மூன்று மாதமாக அந்த அழைப்பு வருவதில்லை. புதன்கிழமை நான்கு மணிக்கு இன்னும் அந்த அறையில் போய் உட்காருகிறாள். சுவர்க் கடிகாரமும் காலி நாற்காலிகளும்தான் துணை. "யாருக்குடி காத்திருக்க?" என்று, இவள் வரன்களைத் தட்டிக்கழித்தபோதெல்லாம் வீட்டில் அக்கா கேட்டிருக்கிறாள். இவள் வாயைத் திறந்ததில்லை. ரசீது இல்லாத விஷயத்தை எப்படிச் சொல்வது?

"இதைப் பாருங்க" என்று ஆடிட்டர் கோப்பைத் திருப்பினார். "அவங்க ஆட்களோட நேரப் பதிவேடு இன்னைக்குத்தான் வந்துச்சு. நம்ம பட்டியலோட ஒத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்துது, இந்தப் புதன்கிழமையைத் தவிர. அந்த ஒரு மணிக்கு உங்க நெட்டை என்ன எழுதியிருக்கார் தெரியுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு புதன்கிழமையும் அதே கட்டத்தில் அதே இரண்டு சொற்கள். சொந்த விடுப்பு.

"நீங்க சேவைன்னு சொல்றீங்க. அந்த மனுஷன் லீவுங்கறார். நாளைக்கு வரி அதிகாரி இது ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, 'இது பொய்னா மத்ததும் பொய்'னு மொத்தக் கட்டணத்தையும் வெட்டிடுவார். கூப்பிடுங்க அவரை. ஸ்பீக்கர்ல."

எண்ணை அழுத்தும்போது அவள் மனம் ஒரு கூட்டல் போட்டது. நாற்பத்தாறு மணி நேரம் என்றால் ஏறக்குறைய ஆறு வேலைநாள். போன வருடம் ஊருக்கு ஒன்பது நாள்தான் வந்தான். 'இன்னும் ஒரு வாரம் இருக்கலாமே' என்று கேட்டதற்கு, 'லீவு இல்ல ரசீது' என்று சிரித்தான்.

"சொல்லுங்க." மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

ஆடிட்டர் முந்திக்கொண்டார். "தம்பி, புதன்கிழமை கால்ல வேலை விஷயம் பேசினீங்களா இல்லையா?"

"பேசுவோம் சார். முதல் பத்து நிமிஷம்."

"மீதி ஐம்பது நிமிஷம்?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவது கேட்டது. ஆடிட்டர் எண்களை மட்டுமல்ல, மனிதர்களையும் படிக்கத் தெரிந்தவர். கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்து, அவளை ஒருமுறை பார்த்தார்.

"எடுத்துடுங்க சார்" என்றாள் அவள். "அந்த நாற்பத்தாறும் சேவை இல்ல. பட்டியல்ல போட்டது என் தப்பு."

"அப்ப சேவை கிடைச்சதுக்கு ஆதாரம்?"

"முந்நூத்திப் பன்னிரண்டு புகார்ச் சீட்டு இருக்கு. எப்ப வந்துச்சு, யாரு சரி பண்ணாங்க, எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு எல்லாம் இருக்கு. பில்லோட அதுதான் பொருந்துது. இந்தக் கால்களுக்குப் பில்லே வரல. அதையும் ஒரு வரி எழுதிடலாம்."

"எழுதிடலாம். இது தெளிவாவே இருக்கு." அவர் கோப்பை அணைத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு ஒரு காபி வேணும். வர அரை மணி நேரம் ஆகும். ரசீது கேக்காதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. அவள் ஸ்பீக்கரை அணைத்து ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"மூணு மாசமா ஏன் கூப்பிடல?"

"ஒரு மணி நேரம் மட்டும் லீவு எடுக்கறதை இந்த வருஷம் நிறுத்திட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை கூப்பிட்டிருக்கலாமே?"

"என்ன சாக்குச் சொல்லிக் கூப்பிடறது? அந்தப் பத்து நிமிஷ வேலையைக் காட்டித்தானே மீதி நேரம் பேசிட்டிருந்தேன்."

"அப்ப வேலைன்னே எழுதிட்டுப் பேசியிருக்கலாம்ல? யார் கேக்கப் போறாங்க? ஆறு நாள் லீவு மிச்சமாகியிருக்கும். ஊருக்கு வந்திருக்கலாம்." கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு பெருமூச்சு கேட்டது.

"வேலைன்னு எழுதினா அதுக்கும் பில் போயிருக்கும். ஏழு சதவீத லாபம் வெச்சு உங்ககூடப் பேச எனக்கு மனசு வரல, ரசீது."