இடையர்கள் வந்த ஷாட்

"ஒரு குடும்பமே சேர்ந்து கிறிஸ்துமஸ் குடில் கட்டணும். சின்னப் பிள்ளைங்களுக்கு இயேசு பிறந்த கதையும் புரியணும். மூணு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. அப்படி ஒரு வீடியோ எடுத்துத் தர முடியுமா?" என்று பங்குச்சாமியார் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை உங்க கையில இருக்கும் ஃபாதர்" என்றாள் டீச்சர். பாலர் பள்ளியில் இத்தனை காலம் குப்பை கொட்டியவள். எந்த இடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடும் என்பது அவளுக்கு அத்துப்படி.

அன்றே ஒரு தாளில் கோடு போட்டுக் கட்டம் பிரித்தாள். ஒன்றில் ஷாட் எண், ஒன்றில் கண்ணுக்குத் தெரிவது, ஒன்றில் காதில் விழுவது. ஒரு ஷாட்டுக்கு ஒரே வாக்கியம். எல்லாவற்றையும் தூரத்தில் ஒரு தடவை, கைகளை மட்டும் கிட்டத்தில் ஒரு தடவை எடுக்க வேண்டும். குடில் எழும்புகிற வரிசையிலேயே கதையும் போனது. வெறும் கூரை: "மரியாவும் சூசையும் ரொம்ப தூரம் பயணம் வந்தாங்க. தங்க இடமே கிடைக்கல." அடுத்து வைக்கோல். அப்புறம் மாட்டுத் தொட்டி, அதில் குழந்தை. கூரை மேல் சம்மனசு, அதாவது வானதூதர். பிறகு இடையர்கள்.

எலக்ட்ரீஷியனான அவள் வீட்டுக்காரர் தாளை வாங்கிப் படித்தார். "சீரியல் பல்ப கடைசி ஷாட்ல மட்டும் போடு. அது மின்னி மின்னி எரியும். வெட்டி ஒட்டுறப்போ, வெட்டின இடத்தக் காட்டிக் கொடுத்துடும்" என்றார். பிறகு அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. "இடையர்களுக்கு எங்க போவ?"

அவரும் அவர் தம்பியும் தனித்தனிக் குடும்பமாகப் போனபோது, பாத்திர பண்டத்தோடு குடில் பொம்மைகளையும் பங்கு போட்டிருந்தார்கள். திருக்குடும்பம், மாடு, கழுதை, சம்மனசு இங்கே. இடையர்கள், ஆடுகள், ஞானிகள் அடுத்த தெருவில், தம்பி வீட்டில். போன வருஷம் இருந்ததை வைத்து ஒப்பேற்றியாயிற்று. பங்கு பிரித்ததிலிருந்தே இரண்டு வீட்டுக்கும் கோயிலில் தலையாட்டுவதோடு சரி.

"கடையில வாங்கிடலாமே" என்றார்.

"புதுசு எல்லாம் உசரம். மரியாவைவிட ஆடு பெருசா நிக்கும்."

"அப்ப அந்த ஷாட்டைத் தூக்கிடு."

"சம்மனசு நல்ல சேதியை யார்கிட்ட சொல்லும்? சுவத்துகிட்டயா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

தம்பி வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த ஓரகத்தி, வாசலில் டீச்சரைக் கண்டதும் காலைப் பெடலிலிருந்து எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாங்களும்தான் போன வருஷம் குடில் வச்சோம் அக்கா! இடையர் எல்லாரும் வெறும் வைக்கோலக் கும்பிட்டுக்கிட்டு நின்னாங்க." டீச்சருக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"பொம்மைய எடுத்துட்டுப் போங்கக்கா, தாராளமா."

"பொம்மை மட்டும் போதாது. வைக்கிற கை உங்க வீட்டுக் கையா இருக்கணும். அவரையும் கூட்டிட்டு வா."

"அவர் வரமாட்டார்."

"ஷாட் லிஸ்ட்ல எழுதிட்டேன்" என்றாள் டீச்சர். உண்மையில், திரும்பி வரும் வழியில் ஒரு கடை மேஜையில் தாளை வைத்துத்தான் அதை எழுதினாள்.

மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. ஸ்டாண்ட் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி, மின்விசிறியை நிறுத்தி, போனில் வெளிச்ச அளவு மாறாதபடி பூட்டிவைத்தார் எலக்ட்ரீஷியன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வாலு வைக்கோல் பரப்பினாள். குழந்தையை வைக்கும்போது மட்டும் மூச்சையே அடக்கிக்கொண்டாள்.

அப்போது ஓரகத்தி அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தாள். பின்னால் வந்த கொழுந்தன் நிலைப்படியைத் தாண்டவில்லை. எலக்ட்ரீஷியன் போன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"அங்க நின்னா வெளிச்சத்த மறைக்கிற" என்றார் கடைசியில். "உள்ள வாடா."

கொழுந்தன் வந்தார். இடையனை எடுத்து வைத்தார். முழங்கை பட்டு ஒரு ஆடு குப்புற விழுந்தது. "ஐயோ, ஆடும் விழுந்து கும்பிடுதே!" என்றாள் வாலு. அண்ணன் முதலில் சிரித்தார், தம்பி பிறகு.

"கட் பண்ணிடலாமா அண்ணி?"

"தொடாதீங்க, அது இருக்கட்டும்" என்றாள் டீச்சர். ஞானிகளை மேஜையின் மறுகோடியில் வைக்கச் சொன்னாள். "அவங்க பின்னாடிதான் வந்தாங்க."

"மூணு பேருன்னு சொல்லிடவா?" என்று கதை வாசிக்க வேண்டிய எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"காணிக்கைதான் மூணு. எத்தனை பேருன்னு வேதத்துல இல்ல. 'சில ஞானிகள்'னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை திரையில் ஆடு விழுந்ததும் பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். மறுபடி போடச் சொல்லி அடம்பிடித்தார்கள். இரண்டாவது தடவை, பின்வரிசையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன், முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அது என் கைதாங்க."