ஒவ்வொன்றாகச் சொன்னால்

தனுஜா கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது ஒரு கையில் சீனிப் பை இருந்தது. மறு கையில், போகும்போது கொண்டுபோன இடியப்ப உரல் அப்படியே இருந்தது.

"இத பக்கத்து வீட்டுல குடுத்துட்டுத்தானே போகச் சொன்னேன்?" என்றான் யோகேஸ்வரன்.

தனுஜா உரலைப் பார்த்தாள். யாரோ அப்போதுதான் அதைத் தன் கையில் வைத்துவிட்டுப் போனதுபோலப் பார்த்தாள்.

"பருப்பு எங்க? நெருப்புப் பெட்டி?"

"அப்பா, பாவா நானா கடையில பூன குட்டி போட்டிருக்கு. ஒண்ணு இன்னும் கண்ணே தொறக்கலப்பா."

ஜீவராணி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கணவன் முகத்தைப் பார்க்காமலே அது எப்படி மாறியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற வேலை அவனுக்கு. லீவில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதல் இரண்டு நாள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவான். மூன்றாம் நாளிலிருந்து அவளோடு மல்லுக்கட்டுவான்.

"பத்து மேச ஓடர எழுதாம என் மண்டையில வச்சிருக்கேன் ராணி," என்றான். "எம்புள்ள மண்டையில மூணு சாமான் நிக்க மாட்டேங்குது. இது மறதி இல்ல. அலட்சியம். நீ குடுத்த செல்லம்."

"ஆமா, மலையில கொழுந்து பறிச்சிட்டு வந்து அந்திக்குச் செல்லமும் குடுக்குறேன். எனக்கு வேற வேல இல்ல."

அவன் சிரிக்கவில்லை. "அக்காகிட்ட பேசிட்டேன். இந்தத் தடவ போறப்ப இவளையும் கூட்டிக்கிட்டுப் போறேன். கொழும்புக்குப் பக்கத்துல, வத்தளையில அக்கா வீட்டுல இருந்து படிக்கட்டும்."

ரொட்டி கருகும் வாசனை வந்த பிறகுதான் ஜீவராணிக்குக் கை அசைந்தது.

கணவனின் அக்கா நாகலெட்சுமி அண்ணியின் வீட்டில் அவள் ஒருமுறை தங்கியிருக்கிறாள். அங்கே பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும்போது மேசைமேல் ஒரு பிரம்பு இருக்கும். அண்ணி கெட்டவள் இல்லை. அவள் பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் தனுஜா அந்த மேசைக்கு முன்னால் நிற்பதை ஜீவராணியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை. இன்னும் தூக்கத்தில் அம்மாவின் சேலை நுனியைத் தேடுகிற பிள்ளை.

எதிர்த்துப் பேசவும் முழுத் தைரியம் வரவில்லை. ஒருவேளை தான்தான் கெடுத்துவிட்டோமோ என்று அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. பாடசாலையிலிருந்து வரும் கொப்பியில் பாதிச் சொற்கள் இருக்காது. வீட்டுப்பாடம் என்னவென்று கேட்டால் தெரியாது. நேற்றுப் போட்ட சட்டையைத் தேடப் போனவள் வாசலில் விளையாடிக்கொண்டிருப்பாள்.

மறுநாள், மகளைப் பாடசாலையிலிருந்து விலக்க விடுகைப் பத்திரம் கேட்டு இருவரும் போனார்கள்.

ஒரே நீள மண்டபம். நடுவில் கரும்பலகைகளை நிறுத்தி வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். நான்காம் வகுப்புக்கு இந்தப் பக்கம், ஐந்தாம் வகுப்புக்கு அந்தப் பக்கம். பலகைக்கு மேலேயும் கீழேயும் சத்தம் தாராளமாக வந்து போனது. கிருஷாந்தி டீச்சர் அவர்களைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாடம் முடியட்டும், உக்காருங்க," என்று பின்னால் கிடந்த வாங்கைக் காட்டினார். தனுஜா முன்வரிசையில் இருந்தாள். அவர்கள் வந்ததைக் கவனிக்கவில்லை.

"எல்லாரும் கணக்குப் புத்தகத்த எடுத்து, முப்பத்திரெண்டாம் பக்கம் தொறந்து, மூணாவது கணக்கையும் அஞ்சாவது கணக்கையும் கொப்பியில செஞ்சு, செஞ்சு முடிச்சவங்க பலகையில இருக்கிற வசனத்த பின்பக்கத்துல எழுதுங்க."

பிள்ளைகள் குனிந்தார்கள். தனுஜா சட்டென்று புத்தகத்தை எடுத்தாள். முதல் ஆள் அவள்தான். பிறகு புத்தகம் மூடியபடி கையில் இருக்க, சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளையின் பக்கத்தை எட்டிப் பார்த்துத் திறந்தாள். எந்தக் கணக்கு என்பது அதற்குள் போய்விட்டது. அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எதையோ கைவிடாமல் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்பது ஜீவராணிக்குப் புரிந்தது. முதல் கணக்கையே செய்யத் தொடங்கினாள்.

அதற்குள் மற்றவர்கள் வசனம் எழுதத் தொடங்கியிருந்தார்கள். தனுஜா கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தாள். ஒரு சொல் எழுதினாள். நிமிர்ந்து பார்த்தாள். எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தேடினாள். இன்னொரு சொல். அது ஒரு வரி தள்ளியிருந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்கியது. தனுஜாவின் பென்சில் நின்றது.

"ஏழாறு எவ்வளவு?" என்று அந்தப் பக்க ஆசிரியர் யாரையோ கேட்டார்.

"நாப்பத்திரெண்டு," என்று இந்தப் பக்கத்திலிருந்து எழுந்து நின்று சொன்னாள் தனுஜா.

இரண்டு வகுப்பும் சிரித்தது. "இவளுக்கு டபுள் புரொமோஷன் குடுங்க சேர்," என்றது ஒரு குரல். தனுஜா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லிய பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்ததுபோல இருந்தது. யோகேஸ்வரன் எழுந்துவிட்டான். ஜீவராணி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இடைவேளையில் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். டீச்சர் வந்து எதிரே அமர்ந்தார். யோகேஸ்வரன் வந்த காரியத்தைச் சொன்னான்.

"பத்திரம் பாடசாலை அதிபர்தான் தரணும். கேட்டா தருவாரு," என்றார் டீச்சர். "ஆனா இப்ப பாத்தீங்கதானே, அதுல பாதி என் பிழை. அவளுக்கு அப்பிடி மொத்தமா சொல்லக்கூடாதுன்னு தெரிஞ்சும் பழக்கதோஷத்துல சொல்லிட்டேன்."

"ஏன் சொல்லக்கூடாது? மத்த புள்ளைங்க செய்யலயா?"

"செய்யுறாங்க. ஒரு வேலைய செய்யிறப்போ அடுத்தது என்னன்னு மனசுல தாங்கி வச்சுக்கிறதுக்கு ஒரு எடம் இருக்குங்க. எல்லாருக்குமே அது சின்ன எடந்தான். தனுஜாவுக்கு இன்னும் சின்னது. நான் நம்பர் சொல்லி, அத கடைசியிலேர்ந்து திருப்பிச் சொல்ல வச்சுப் பாத்தேன். இந்த வயசுப் புள்ளைங்க மூணு, நாலு நம்பர் சொல்றாங்க. அவ ரெண்டோட நின்னுட்டா. வேற வேற நாள்ல பாத்தேன், அப்பிடியேதான்."

"அப்ப மந்தமா டீச்சர்?" ஜீவராணியின் குரல் இறங்கியிருந்தது.

"ஏழாறு நாப்பத்திரெண்டுன்னு சொன்னது யாரு? கத சொன்னா கேள்வி கேட்டே கொல்லுவா. புரிஞ்சுக்கிறதுல கொற இல்ல. புரிஞ்சத கையில வச்சுக்கிட்டு வேலைய முடிக்கிறதுலதான் கஷ்டம். வாய்க்கு வந்தத நிறுத்தி வைக்கிறதும் அவளுக்குக் கஷ்டம். அது திமிர் இல்ல. நானும் முதல்ல திமிருன்னுதான் நெனச்சேன். ஆனா நான் டாக்டர் இல்லங்க. கண்ணும் காதும் பாக்கணும். ஆஸ்பத்திரியில புள்ளைங்க டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டுங்க."

யோகேஸ்வரன் தலையை ஆட்டினான். ஒப்புக்கொண்ட ஆட்டம் இல்லை அது.

"பழக்கினா வரும் டீச்சர். எனக்கு வந்துச்சே. பத்து மேச. எழுதுறதே இல்ல."

"அது எப்பிடிங்க? நெசமாவே கேக்குறேன்."

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மேசையப் பாத்தா போதும். சன்னல் பக்கம் கொத்து ரொட்டி ரெண்டு, தூண் பக்கம் பராட்டா. உக்காந்திருக்கிற ஆள் மூஞ்சியப் பாத்தாலே பிளேன்டீயா பால்டீயான்னு வந்துரும்."

"அப்ப ஓடர் உங்க மண்டையில இல்ல. மேசையிலதான இருக்கு?"

அவன் நெற்றியைச் சுருக்கினான்.

டீச்சர் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க, ஒரு விளையாட்டு. மேசையும் இல்ல, ஆளும் இல்ல. குடக்கம்பி, நீல நூல், வெத்தல, ஆணி, சவுக்காரம், சீப்பு, சாம்பிராணி. கடைசியிலேர்ந்து சொல்லுங்க."

வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். "சாம்பிராணி," என்றான் யோகேஸ்வரன். "சீப்பு... சவுக்காரம்." பிறகு கண்ணை மூடினான். "வெத்தல. இல்ல... நூலுன்னு ஒண்ணு வந்துச்சு."

"பாவா நானா கடைக்கு உங்கள அனுப்பினா சாமான் வந்து சேராது," என்றாள் ஜீவராணி. சொன்ன பிறகு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவனைப் பார்த்தாள்.

அவன் கோபப்படவில்லை. தனுஜாவின் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேசையில் அவள் கொப்பி திறந்து கிடந்தது.

"இவளுக்கு என்னதான் செய்யிறது?"

"அந்த எடத்தப் பெருசாக்குற மருந்து எதுவும் என்கிட்ட இல்ல. ஆனா அதுல போடுற பாரத்தக் குறைக்கலாம். ஒவ்வொண்ணா சொல்லணும். சொன்னத அவ வாயால திருப்பிச் சொல்லட்டும். பலகையப் பாத்து எழுதுறதுக்குப் பதிலா வசனத்த அவ மேசையிலயே வச்சுட்டா, விட்ட எடத்துல விரல வச்சுக்குவா. செய்ய வேண்டிய வேலைய சின்னச் சின்னப் படமா வரைஞ்சு முன்னால வைக்கலாம், உங்களுக்கு மேச இருக்கிற மாதிரி. நான் செஞ்ச நாள்ல அவ முடிச்சிருக்கா. முடிக்காத நாளும் இருக்கு. பயந்தா மட்டும் உள்ளதும் போயிருது. நான் சத்தம் போட்ட அன்னைக்கு அவ பேர எழுதவே தடுமாறினா."

அவர்கள் அதிபரின் அறைப் பக்கம் போகவேயில்லை. யோகேஸ்வரன் நேரே படிக்கட்டை நோக்கி நடந்தான். ஜீவராணி பின்னால் போனாள்.

தேயிலைக்கு நடுவே வந்ததும் அவன் நின்றான். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"கடையில சேந்த புதுசுல," என்றான், "மொதலாளி அகப்பையோட நிப்பாரு. ஓடர் தப்புனா மண்டையில ஒண்ணு. அவரப் பாத்தவொடனே எனக்கு எல்லாம் மறந்துரும் ராணி. அடி வாங்குனதால பழகுனேன்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். அவரு கதிர்காமம் போயிருந்த ஒரு வாரத்துலதான் பழகுனேன். இப்பத்தான் அது நெனவுக்கு வருது."

ஜீவராணி அவன் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவன் சொன்னதில்லை. தேயிலை மலையில் பட்டப்பகலில் புருஷன் கையைப் பிடித்து நிற்கிறோமே என்ற கூச்சம் பிறகுதான் வந்தது. அப்போதும் அவள் விடவில்லை.

"அக்கா வீட்டுல அவ இன்னும் ஒண்ணுமில்லாம போயிருவா," என்றான்.

அந்தியில் அவன் வாசலில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தான். அண்ணியின் குரல் வீட்டுக்குள்ளேயே கேட்டது. "பொண்டாட்டி அழுதாளாக்கும்? ஒனக்கு எப்பவும் எளகுன மனசுடா. புள்ளைய கெடுக்கப் போறீங்க ரெண்டு பேரும்."

"அவ அழுவல. நான்தான் வேணாங்குறேன். புள்ள இங்கேயே படிக்கட்டும்க்கா."

அண்ணி இன்னும் கொஞ்சம் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டான். மறுத்தும் பேசவில்லை, மாறவும் இல்லை.

உள்ளே வந்தவன் மகளைக் கூப்பிட்டான். "தனு, புத்தகப் பைய எடுத்துட்டு வா."

எடுத்து வந்தாள்.

"தமிழ்க் கொப்பிய வெளிய எடு. அப்புறம் பென்சில சீவு. இப்ப அப்பா என்ன சொன்னேன்?"

"கொப்பி எடுக்கணும். பென்சில் சீவணும்," என்றாள் தனுஜா. கொப்பியை எடுத்தாள். பென்சிலைத் தேடிப் பைக்குள் கைவிட்டவள் ஒரு ரிப்பனைக் கண்டெடுத்தாள். அதை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

கூரைத் தகரம் அதிரும்படி ஒரு சத்தம் யோகேஸ்வரனின் தொண்டைவரை வந்துவிட்டதை ஜீவராணி பார்த்தாள். அவன் அதை விழுங்கினான். மூச்சை இழுத்து விட்டான்.

"கொப்பி வந்துருச்சு," என்றான் மெதுவாக. "அடுத்து என்னம்மா?"

தனுஜா ரிப்பனைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள். "பென்சில்," என்றாள்.

ஜீவராணி பிளேன்டீயை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.