தலைகீழ் யானை

கல்லூரிச் செஸ் அணியின் கேப்டனுக்கு அன்று காலையில் வாய் கொஞ்சம் நீளம். பஸ்ஸிலேயே ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்தான்.

"தோக்குறவன் ராஜாவுக்கு செக் இல்ல. ஆனா போக இடமும் இல்ல, நகர்த்த வேற காயும் இல்ல. அதான் ஸ்டேல்மேட். ஜெயிச்ச ஆட்டம் டிரா. இதுல மாட்டுறவன் எல்லாம் பாம்பும் ஏணியும் ஆடப் போலாம்டா."

மாலையில் கோப்பை அவன் பலகையில் வந்து நின்றது. அவன் ஜெயித்தால் கோப்பை; டிரா என்றால் வெறுங்கை. எதிரே இன்னொரு கல்லூரியின் முதலாமாண்டுப் பெண். தோற்றுக்கொண்டிருந்தவள் தன் கடைசிச் சிப்பாயையும் வலியக் கொண்டுவந்து கொடுத்தாள். 'பாவம், புத்தி பேதலித்துவிட்டது' என்று இவன் இரக்கத்தோடு வெட்டினான். அவளிடம் மிஞ்சியது ராஜா மட்டும். அதைப் பலகையின் ஓரத்துக்கு, h7-க்கு நகர்த்தினாள். இவன் ராஜா f6-இல், சிப்பாய் f7-இல். இன்னும் ஒரே கட்டம் போனால் அந்தச் சிப்பாயை எடுத்துவிட்டு ராணியோ யானையோ வைக்கலாம்; எல்லோரும் வைப்பது ராணி.

கடிகாரத்தில் இவனுக்குச் சில நொடிகளே இருந்தன. வெட்டுப்பட்ட ராணியைத் தேடினான். அது அவள் உள்ளங்கையில் பிசைபட்டுக்கொண்டிருந்தது. கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கேட்டிருக்கலாம். இவனோ வெட்டுப்பட்ட ஒரு யானையை எடுத்து, ராணிக்குப் பதிலாக f8-இல் தலைகீழாகக் கவிழ்த்து, "ராணி!" என்று கத்திக் கடிகாரத்தைத் தட்டினான்.

பக்கத்தில் நின்ற நடுவரம்மா கடிகாரத்தை நிறுத்தினார். "தம்பி, தலைகீழா வச்சாலும் யானை யானைதான்."

"மேடம், வாயால ராணின்னு சொன்னேனே!"

"வாய்க்கு இங்க மதிப்பில்லப்பா. வச்ச காய்தான் கணக்கு."

"ஊர்ல எல்லாரும் இப்படித்தான் ஆடுறாங்க மேடம்! அநியாயம்! எனக்கு ராணிதான் வேணும்!"

"ஆமா மேடம்," என்றாள் அந்தப் பெண், அவசரமாக ராணியை மேசையில் வைத்து. "அண்ணா ராணின்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. குடுத்துடுங்க."

எதிராளிக்கு என்ன பெருந்தன்மை! கண் கலங்கப் பலகையைப் பார்த்தவனுக்கு அப்போதுதான் விளங்கியது. f8-இல் ராணி நின்றால் அவள் ராஜாவுக்கு h6, g8, h8 மூன்றும் அடைபடும். மற்ற இரண்டு கட்டங்களை இவன் ராஜாவே அடைத்திருக்கிறது. செக்கும் இல்லை. அசல் ஸ்டேல்மேட். யானைக்கு மூலைவாக்கில் பார்வை கிடையாது என்பதால் h6 திறந்திருந்தது.

"யானையே இருக்கட்டும், மேடம்," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அதை நீ முடிவு பண்ண வேணாம்," என்றார் நடுவரம்மா. "ஆடுங்க."

அவள் ராஜா வேறு வழியின்றி h6-க்குப் போனது. யானை h8-க்கு வந்தது. மேட். அவள் கை கொடுத்தாள். முகத்தைப் பார்க்க இவனுக்குத் தெம்பில்லை.

ஜூனியர்கள் அவனைத் தூக்காத குறை. "கேப்டன், ராணி வேணாம்னு யானை எடுத்தீங்களே, அந்த மூளை எங்களுக்கு எல்லாம் எப்ப வரும்?"

"ராணி கேட்டு நடுவர்கிட்ட சண்டையே போட்டாரேடா," என்றான் ஒருவன்.

"அது நடிப்புடா! அந்தப் பொண்ணைக் குழப்ப!"

எல்லோரும் கைதட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டான். அதற்கும் ஒருவன், "என்ன அடக்கம் பாரேன்!" என்றான்.