எறும்பு சைஸ் ‘முதல்’

வண்ணாரப்பேட்டையில் மஜீதின் நைட்டிக் கடை வாசலில் ‘நைட்டி 99 ரூபாய் முதல்’ என்று போர்டு தொங்கும். ‘முதல்’ மட்டும் எறும்பு சைஸ். அந்த விலைக்கு உள்ளே ஒரே ஒரு நைட்டிதான், அதற்கும் பட்டன் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர், கோலாலம்பூர் வியாபாரியிடம் காட்ட இருபது கிலோ நைட்டியை மூட்டை கட்டிவிட்டு, தனக்கும் மனைவி சபீஹாவுக்கும் போனில் விமான டிக்கெட் தேடினார். பட்டியலில் முதலில் ‘சிறந்தது’ என்று குறித்த டிக்கெட் வந்தது.

"விலையும் நேரமும் பாத்து சொல்லுது. நம்ம மூட்டைய பாத்துச்சா?" என்றாள் சபீஹா.

"அத்த வுடு, ‘மலிவானது’ன்னு ஒண்ணு கீது பாரு!" என்று அதையே வாங்கினார்.

ஏர்போர்ட்டில் மூட்டை தராசில் ஏறியது. அந்த டிக்கெட்டுக்கு ஆளுக்கு ஏழு கிலோ கைப்பைதான், மூட்டைக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். கூட்டிப் பார்த்தால், பட்டியலில் ஐந்தாவதாக இருந்த, மூட்டைக்கும் சேர்த்து விலை போட்ட டிக்கெட்தான் மலிவு.

"மலிவுன்னு போட்டு ஏமாத்துறானுங்க!" என்று மஜீது கத்தினார்.

சபீஹா போனை வாங்கி, விலைக்குப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் பெரிதாக்கினாள். ‘முதல்.’

"நம்ம போர்டு எழுதனவன்தான் இங்கயும் எழுதிகீறான்" என்றாள்.